ஊதா மூடி

ஆறு நாளாக வெளிக்குப் போகாத என் அண்ணனின் ரத்த முடிவு ஒரு குறையும் இல்லாமல் மெஷினிலிருந்து வந்தபோது, எனக்கு நிம்மதி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. மூன்றாவது மாடியில் அவன் வயிறு உப்பிப்போய், ஏப்பம்கூட விட முடியாமல் படுத்திருக்கிறான். அவனுடைய ரத்தமோ பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி எல்லாவற்றிலும் பாஸ். சோடியம் சரி. பொட்டாசியம் நாலு புள்ளி ஒன்று, சரி. கால்சியம் ஒன்பது புள்ளி ஒன்பது, அதுவும் சரி. இரண்டில் யாரோ பொய் சொல்கிறார்கள். வயிறு பொய் சொல்லாது.

இந்த ஆஸ்பத்திரி லேபில் எனக்கு இருபத்து மூன்று வருஷம். பின்னால் என்னை 'சி.ஐ.டி. அக்கா' என்று கூப்பிடுகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. ரத்தத்தை நம்பலாம், ரத்தம் எடுத்தவரை நம்பக் கூடாது என்பது என் கட்சி. பெயர் மாறி ஒட்டுவார்கள், குளுக்கோஸ் ஏறுகிற கையிலேயே ஊசி போட்டு எடுப்பார்கள், கேட்டால் ஆண்டவன் மேல் சத்தியம் செய்வார்கள். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

வீட்டிலும் அப்படித்தான். யாருக்குத் தலைவலி என்றாலும் எனக்குத்தான் போன் வரும். நான் டாக்டர் இல்லை, ஆனால் அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொண்டதில்லை, நானும் ஞாபகப்படுத்தியதில்லை. "என் தங்கச்சி வாயில தெரியாதுங்கிற வார்த்தை மட்டும் வராது" என்று அண்ணன் எல்லோரிடமும் சொல்வான். கிண்டலா பெருமையா என்று நான் விசாரித்ததில்லை.

அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷம் இருட்டுக் குழிகளில் ஏறி இறங்கி முட்டி தேய்ந்துபோனவன். பிரஷருக்கு ஒரு மாத்திரை, அதிக நீரைச் சிறுநீராகப் பிரித்துவிடுகிற வகை, ஏழெட்டு வருஷமாகச் சாப்பிடுகிறான். முட்டி வலிக்கிறது என்றபோது நான்தான் அவன் ரத்தத்தைச் சோதித்து, வைட்டமின் டி குறைவு என்று கண்டுபிடித்து, வாரம் ஒன்று போடச் சொன்னேன். வேறு ஒன்றும் இல்லாத உடம்பு. அப்படிப்பட்டவனை நேற்றுச் சாயங்காலம் ஆட்டோவில் கொண்டுவந்து சேர்த்தாள் அண்ணி.

எக்ஸ்ரேயில் குடல் முழுக்கக் காற்று. எங்கே அடைத்திருக்கிறது என்று துல்லியமாகக் காட்டுகிற ஸ்கேன் மெஷின் நாலு நாளாகப் பழுது. சர்ஜன் காலை ரவுண்ட்ஸில் படத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துவிட்டு என்னிடமே சொன்னார்: "ரொம்ப உப்பியிருக்கு. இன்னும் விட்டா கிழிஞ்சுடும். உப்பு ரிப்போர்ட் வரட்டும். உப்பு சரியா இருந்தா உள்ள ஏதோ அடைச்சிருக்குன்னு அர்த்தம். ஒரு மணிக்குத் திறந்து பாத்துடலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குடல் என்பது வெறும் குழாய் இல்லை, அது ஒரு நீளமான தசை. அலை அலையாகச் சுருங்கித்தான் உள்ளே இருப்பதைத் தள்ளும். அந்தச் சுருக்கத்துக்குப் பொட்டாசியம் வேண்டும். அது குறைந்தால் தசை சோர்ந்துவிடும். கால்சியம் அளவுக்கு மீறி ஏறினாலும் நரம்பும் தசையும் மந்தமாகிவிடும். அப்போது அடைப்பே இல்லாமல் குடல் அடைத்த மாதிரி நிற்கும். அதற்குக் கத்தி தேவையில்லை, உப்பைச் சரிசெய்தால் போதும். ஆனால் உப்பு சரியாக இருக்கிறது என்று என் மெஷின் சொல்லிவிட்டால், சர்ஜன் கத்தியைத்தான் எடுப்பார். எடுக்கத்தான் வேண்டும்.

அதனால்தான் அந்தத் தாளை அனுப்பாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். மணி பத்து.

முதலில் என் சந்தேகம் போன இடம் அண்ணிதான். ஒளிப்பானேன், சொல்லிவிடுகிறேன். எனக்கும் அவளுக்கும் இருபத்தைந்து வருஷமாகச் சண்டையும் இல்லை, சேர்த்தியும் இல்லை. சீருடை தைக்கிற இடத்தில் வேலை பார்க்கிறாள், வாய் அதிகம் திறக்கமாட்டாள். நேற்று வார்டு டாக்டரம்மா, "வேற என்ன மருந்து குடுக்கறீங்க?" என்று கேட்டபோது அண்ணியின் கை தானாக மடியிலிருந்த துணிப்பையின் மேல் போனது. "பிரஷர் மாத்திரை மட்டும்தான். மூணு நாளா பேதி மாத்திரை குடுத்தேன், போகலன்னு" என்றாள். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அந்தப் பைக்குள் ஏதோ நாட்டுப் பொடி இருக்கிறது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் பொடி கொடுத்தாலும் ரத்தத்தில் ஏதாவது தெரிய வேண்டுமே. தாளை மறுபடி மேலிருந்து கீழே படித்தேன். கிரியேட்டினின் சற்று அதிகம், உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கிறது. கடைசி வரியில் கண் நின்றது. ஏ.எல்.பி. என்ற ஒரு நொதி. நாற்பதுக்குக் கீழே இருப்பதே அபூர்வம். அண்ணனுக்குப் பதினாலு.

பழைய பதிவைத் திறந்தேன். மூன்று மாதம் முன்பு எண்பத்திரண்டு. எண்பத்திரண்டு எப்படிப் பதினாலு ஆகும்? உடம்புக்குள் ஆகாது. ட்யூபுக்குள் ஆகும்.

இது எங்கள் தொழில் ரகசியம், ஆனாலும் சொல்கிறேன். ரத்தம் எடுக்கிற ட்யூபுகளுக்கு நிறம் நிறமாக மூடி இருக்கும். சிவப்பு மூடி ட்யூபில் ரத்தம் உறையும், அதிலிருந்து பிரிகிற நீரில்தான் உப்புகளைப் பார்ப்போம். ஊதா மூடி ட்யூப் அணுக்களை எண்ணுவதற்கு. அதில் ரத்தம் உறையக் கூடாது என்பதற்காக உள்ளே ஒரு மருந்து தடவியிருக்கும். அந்த மருந்து ஒரு பொட்டாசிய உப்பு. அது கால்சியத்தைக் கண்டால் கவ்விப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் ரத்தம் உறையாது. ஊதாவிலிருந்து நாலு சொட்டு சிவப்பில் விழுந்தால் போதும், இல்லாத பொட்டாசியத்தை இருக்கிறதாகவும், இருக்கிற கால்சியத்தை இல்லாததாகவும் காட்டும். கூடவே அந்த நொதியையும் படுக்கவைத்துவிடும். நிறைய விழுந்தால் எண்கள் கோணல்மாணலாகி யாரும் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சமாக விழுந்தால்தான் ஆபத்து. எல்லாம் சரியாக இருக்கிற மாதிரியே இருக்கும்.

ஸ்டாண்டில் அண்ணனின் ஊதா ட்யூபைத் தேடி எடுத்தேன். அடியில் கால்வாசிகூட இல்லை. சிவப்போ கழுத்து வரை. ரத்தம் குறைவாக வந்திருந்தால் இரண்டும் குறைந்திருக்க வேண்டும், ஒன்று மட்டும் எப்படி நிறையும்?

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறினேன்.

வார்டில் காலையில் ரத்தம் எடுத்தது கண்ணாடி போட்ட நர்ஸ். வேகமான பெண், எல்லோருக்கும் பிடித்தவள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"பதினொண்ணாம் பெட் ரத்தம் நீங்கதானே எடுத்தீங்க?"

"ஆமாக்கா. ஏன், உறைஞ்சிருச்சா?"

"ஊதாவுல இருந்து சிவப்புக்கு ஊத்துனீங்களா?"

"ஐயோ, அதெல்லாம் செய்வோமாக்கா?" அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். சரியாகத்தான் இருந்தது கண்ணாடி.

பொய் என்று தெரிந்தது. ஆனால் அங்கே நின்று கத்தினால் அவள் இன்னும் இறுகிப்போவாள் என்பதும் தெரிந்தது. எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். அவளை விட்டுவிட்டு அண்ணனிடம் போனேன்.

அண்ணன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். மூக்கு வழியாக ஒரு குழாய் போட்டு வயிற்றுக் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் அண்ணி, மடியில் அந்தப் பை.

"தண்ணி" என்றான்.

"குடிக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"ஒரு மாசமா இதே தாகம். குடம் குடமா குடிக்கிறேன், குடம் குடமா போகுது. வர வேண்டியது மட்டும் வர மாட்டேங்குது." சிரிக்கப் பார்த்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான்.

எனக்குச் சுருக்கென்றது. தாகம், ஓயாத சிறுநீர். நேற்றுச் சர்க்கரை பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. கால்சியம் ஏறினாலும் இதே கூத்துதான் நடக்கும். சிறுநீரகம் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தெரியாமல் கொட்டிவிடும்.

"காலைல ரத்தம் எடுத்தப்ப ரொம்பக் குத்திட்டாங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"இல்ல, நல்ல பொண்ணு. நரம்பே கிடைக்கல. பாதியில நின்னுபோச்சு. நானே இன்னொரு தடவ குத்துங்கன்னேன். வேணாம் அப்பா, இருக்கறதை வச்சு சமாளிச்சுக்கிறேன்னு ஒண்ணுலேருந்து ஒண்ணுக்கு ஊத்திக்கிச்சு. தங்கமான பொண்ணு."

நான் திரும்பிப் பார்த்தேன். நர்ஸ் வண்டியோடு பின்னால் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, ரெண்டு சொட்டுதான். ஏற்கனவே நாலு தடவ குத்தியிருந்தேன். பாவமா இருந்துச்சு" என்றாள்.

திட்ட வாய் வரை வந்த வார்த்தைகள் எனக்கே நல்லதாகப் படவில்லை. "அந்த ரெண்டு சொட்டை வச்சு ஒரு மணிக்கு வயித்தைக் கிழிக்கப் போறாங்கம்மா. அழாம இன்னொரு தடவ எடுங்க. முதல்ல சிவப்பு. இந்தத் தடவ எனக்கு முன்னால" என்றேன்.

அவள் கை நடுங்காமல் எடுத்தாள், அதைச் சொல்லத்தான் வேண்டும். சிவப்பு ட்யூப் ஒன்றே ஒன்று. உள்ளங்கையில் மூடி எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ரத்தம் உறைய அரை மணி நேரம். அதை அவசரப்படுத்த முடியாது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நானே மற்றவர்களுக்குச் சொல்வேன், அன்றைக்கு என் கால் தரையில் நிற்கவில்லை. இதற்குள் தியேட்டரிலிருந்து போன். முந்தின கேஸ் சீக்கிரம் முடிந்துவிட்டதாம், பதினொன்றாம் பெட்டைப் பன்னிரண்டரைக்கே எடுக்கிறார்களாம், ரிப்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். "சாம்பிள் சரியில்லை, மறுபடி பண்றேன்" என்று சொல்லி வைத்தேன். மெஷினில் போட்டேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் எண்கள் வந்தன.

பொட்டாசியம் இரண்டு புள்ளி நாலு. கால்சியம் பதின்மூன்று புள்ளி இரண்டு. அந்த நொதி எழுபத்தெட்டு.

இந்தப் பொட்டாசியத்தோடு மயக்க மருந்து கொடுத்திருந்தால் குடலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இருந்திருக்காது. இதயம் முந்திக்கொண்டு தாளம் தப்பியிருக்கும். மறுபடி ஓட்டினேன், அதே எண்கள்.

சர்ஜன் தியேட்டர் வாசலில் தொப்பியோடு நின்றிருந்தார். ஊதா சிவப்பில் கலந்த கதையைச் சொன்னேன். இரண்டு தாளையும் வாங்கி இரண்டையும் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது என் பார்வை. மற்றவர்களை நான் பார்க்கிற பார்வை.

"காலைல எல்லாம் நார்மல். உங்க அண்ணனுக்கு ஆபரேஷன்னு சொன்னதும் எல்லாம் மாறிடுச்சு. உங்க அண்ணன், உங்க மெஷின். நான் எதை நம்பறது?"

"நான் மாத்தியிருக்கேன்னு சொல்றீங்களா சார்?"

"அப்படிச் சொல்லல. பயத்துல மனுஷங்க என்ன வேணா செய்வாங்கன்னு சொல்றேன்."

ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இருபத்து மூன்று வருஷத்தில் என் கை மேல் யாரும் சந்தேகப்பட்டதில்லை. ஆனால் அந்த ஆத்திரத்திலும் ஒன்று புரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் இதையேதான் கேட்டிருப்பேன்.

"என்னை நம்ப வேணாம் சார். ஐ.சி.யூ.ல மூச்சுத் திணறல்ல வர்றவங்களுக்கு ரத்தம் பாக்கற சின்ன மெஷின் இருக்கு. ரெண்டு நிமிஷத்துல பொட்டாசியமும் கால்சியமும் சொல்லும். நீங்களே ரத்தம் எடுங்க, நீங்களே போடுங்க. நான் அந்தப் பக்கமே வரல."

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே நடந்தார். நான் சொன்னபடியே அந்தப் பக்கம் போகவில்லை. தியேட்டர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒருவேளை என் மெஷின்தான் தப்போ? காலையில் வந்ததுதான் உண்மையோ? அண்ணன் குடல் உள்ளே கிழிந்துகொண்டிருக்க, நான் நேரத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறேனோ? சந்தேகம் என்னைக் கடிப்பது அதுதான் முதல் தடவை.

பதினைந்து நிமிஷத்தில் அவர் திரும்பி வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, சர்ஜன்கள் கேட்கமாட்டார்கள். "ரெண்டு புள்ளி மூணு. கால்சியமும் எகிறிக் கிடக்கு. ஈ.சி.ஜி.யில காலைலயே அலை தட்டையா இருந்துச்சு, வயசுன்னு விட்டுட்டோம். கேஸை கேன்சல் பண்ணியாச்சு" என்றார். இரண்டடி போய்த் திரும்பி, "நல்லவேளை" என்றார். அது போதும்.

வார்டில் வேலை மளமளவென்று நடந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத் துடிப்பைத் திரையில் விட்டார்கள். ஒரு கையில் உப்புத் தண்ணீர் வேகமாக, அது கால்சியத்தைச் சிறுநீரில் இழுத்துப் போகும். இன்னொரு கையில் பொட்டாசியம் சொட்டுச் சொட்டாக, அதை வேகமாக விட்டால் அதுவே ஆளை முடித்துவிடும். பிரஷர் மாத்திரையை டாக்டரம்மா சீட்டிலிருந்து அடித்துவிட்டார்.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"லிஃப்ட் நின்னா ரெண்டே காரணம்தான். வழியில ஏதாவது சிக்கியிருக்கும், இல்ல கரண்ட் வராது. கரண்ட் வராததுக்குச் சுவரை இடிக்கப் பாத்தீங்களாக்கும்" என்றான்.

"கரண்ட் ஏன் போச்சுன்னுதான் இப்ப பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. சீட்டைப் புரட்டினார். "இந்தப் பிரஷர் மாத்திரை பொட்டாசியத்தைச் சிறுநீர்ல தள்ளும். பேதி மாத்திரை இன்னும் கொஞ்சம் வெளிய தள்ளியிருக்கும். போகலன்னு பேதி குடுக்கக் குடுக்க, குடல் இன்னும் சோர்ந்துதான் போயிருக்கும். அது சரி. கால்சியத்தையும் இந்தப் பிரஷர் மாத்திரை கொஞ்சம் தேக்கி வைக்கும். ஆனா பதின்மூணு வரைக்கும் ஏத்தாது. வேற ஏதோ உள்ள போயிருக்கு. என்ன குடுத்தீங்கம்மா?"

அண்ணியின் கை மறுபடியும் பையின் மேல் போனது.

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. காலையிலிருந்து எல்லோரையும் பிடித்தாகிவிட்டது, மிச்சம் இவள்தான். "பையைத் திறங்க அண்ணி" என்றேன். வார்டே கேட்கிற குரலில்தான் சொன்னேன். பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். "நேத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். யாரு குடுத்த பொடி அது? அவன் உசுரு போற நேரத்துல என்ன ஒளிப்பு வேண்டியிருக்கு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். கோபமாக இல்லை. வேண்டாம் என்று கெஞ்சுகிற மாதிரி இருந்தது. எனக்கு அது புரியவில்லை, புரிந்துகொள்ள நான் முயலவும் இல்லை. "திறங்க" என்றேன்.

திறந்தாள். பொடி எதுவும் இல்லை. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய காலி மாத்திரை அட்டைகள். டாக்டரம்மா ஒன்றை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வைட்டமின் டி. வாரம் ஒண்ணு போடறது. எத்தனை அட்டைம்மா இது? ஒரு அட்டையில எட்டு." எண்ண ஆரம்பித்தார். பத்து அட்டை. "எத்தனை நாளா?"

"ரெண்டரை மாசம். தினம் ஒண்ணு" என்றாள் அண்ணி மெதுவாக.

"தினமா! சாப்பாட்டுல இருக்கற கால்சியம் பூரா ரத்தத்துல ஏறியிருக்கும்மா. யார் உங்களுக்குத் தினம் குடுக்கச் சொன்னது?"

"நானாத்தான் குடுத்தேன்."

"படிச்சவங்கதானே நீங்க? அட்டையில வாரம் ஒருமுறைன்னு போட்டிருக்கு, படிக்கத் தெரியாதா? புருஷன் உசுரோட விளையாடுவீங்களா?"

"தப்புதான் டாக்டர். நானாத்தான் குடுத்தேன்" என்றாள் மறுபடியும், தரையைப் பார்த்துக்கொண்டு.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஒரு மத்தியானம். லேபில் நாற்பது சாம்பிள் வரிசையில். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு நான் ட்யூபுகளுக்கு நம்பர் ஒட்டிக்கொண்டிருந்தேன். அண்ணியின் குரல், எப்போதும் போலத் தயங்கித் தயங்கி. 'அந்த முட்டி மாத்திரை போட்டதுல அவருக்கு ரொம்ப நல்லா இருக்காம். அட்டையில வாரம் ஒண்ணுன்னு போட்டிருக்கு. அவரு தினம் ஒண்ணு கேக்கறாரு. குடுக்கலாமா?' நான் என்ன சொன்னேன்? யோசித்துக்கூடச் சொல்லவில்லை. 'வைட்டமின்தானே அண்ணி, ஒண்ணும் பண்ணாது, குடுங்க' என்றேன். சொல்லிவிட்டு அடுத்த ட்யூபை எடுத்தேன்.

அவள் பையில் ஒளித்தது பொடியை இல்லை. என்னை. என் ஆஸ்பத்திரியில், என் டாக்டர்கள் முன்னால், என் மானம் போகக் கூடாது என்று அந்த அட்டைகளை மடியிலேயே வைத்துக் காத்திருக்கிறாள். வைட்டமின்தானே, அதனால் ஒன்றும் ஆகியிருக்காது என்று நம்பிக்கொண்டு. அந்த நம்பிக்கையும் நான் கொடுத்ததுதான்.

ஊரில் இருக்கிற ட்யூபையெல்லாம் தூக்கிப் பார்த்தேன். தன் முதுகு தனக்குத் தெரியாது.

டாக்டரம்மா கேஸ் தாளில் எழுதிக்கொண்டிருந்தார். மனைவி தன்னிச்சையாக அதிக அளவு கொடுத்ததால் என்று எழுதுகிறார். இரண்டாவது வார்த்தை வரை எழுதிவிட்டார். ஒன்றும் சொல்லாமல் நின்றால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணி சொல்லவேமாட்டாள், இருபத்தைந்து வருஷமாக எனக்கு அவளைத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் தெரிந்தது.

"டாக்டர், அதை அடிச்சிடுங்க" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை, திரும்பச் சொன்னேன். "அவங்க நானாத்தான்னு சொல்றது பொய். என்னைக் கேட்டுட்டுத்தான் குடுத்தாங்க. நான்தான் தினம் குடுக்கலாம்னு சொன்னேன்."

கண்ணாடி போட்ட நர்ஸ் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பழிவாங்கல் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். பாவம் பார்த்தாள்.

"நீங்களா?" என்றார் டாக்டரம்மா. கேட்டது அவ்வளவுதான். எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். என்ன எழுதினார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

அண்ணன் கண்ணைத் திறக்காமலே, "அட, விடு. முட்டி நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அடுத்த இரண்டு நாளில் பொட்டாசியம் மூன்றுக்கு மேல் ஏறியது, கால்சியம் பதினொன்றரைக்கு இறங்கியது. அந்த வைட்டமின் கொழுப்பில் போய் ஒளிந்துகொள்ளும், முழுக்க இறங்க வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்றார்கள். மூன்றாம் நாள் காலை ரவுண்ட்ஸில் சர்ஜன் வயிற்றில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் குனிந்திருந்தபோது, ஒரு சத்தம் வந்தது. ஸ்டெதாஸ்கோப் இல்லாமலேயே வார்டு முழுக்கக் கேட்டது. அண்ணன் வெட்கத்தில் போர்வையை இழுத்துக்கொண்டான். சர்ஜன் நிமிர்ந்து, "கரண்ட் வந்துடுச்சு" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரர் கை தட்டினார். வேறெங்காவது இதற்குக் கை தட்டுவார்களா, தெரியாது, அன்றைக்கு நானும் தட்டினேன்.

மத்தியானம் அண்ணி என் லேப் வாசலுக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வந்ததில்லை. கையில் டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுவதற்கு முன் கொடுத்த மாத்திரைப் பட்டியல்.

"ஏன் அண்ணி, நான்தான் சொன்னேன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல? அவ்வளவு கேவலமாப் பேசுனேனே" என்றேன்.

"நீ அவருக்கு நல்லதுன்னுதான் சொன்னே. எல்லாரையும் நீதானே பாத்துக்கறே" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று பழக்கதோஷத்தில் தேடினேன். இல்லை. அதுதான் குத்தியது.

அவள் பட்டியலில் ஒரு வரியைக் காட்டினாள். "இந்தப் புது பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால குடுக்கறதா, பின்னாலயா? நீ சொன்னா சரி."

பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பின்னால்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பின் அந்தத் தாளை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தேன்.

"எனக்குத் தெரியாது அண்ணி" என்றேன். "வாங்க, மேல போய் டாக்டரைக் கேப்போம்."